மேல் வீட்டுச் சத்தம்: ஓனர் நம்புற மாதிரி எழுதி வைக்கிறது எப்படி?

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன கேள்வியைப் பத்தினது. பக்கத்து வீட்டுலயோ மேல் வீட்டுலயோ ராத்திரி ராத்திரி சத்தம். அவங்களும் வாடகைக்கு இருக்காங்க. அவங்க ஓனர்கிட்ட சொல்லணும். என்ன ஆதாரத்தோட போய் சொல்றது?

இதுக்கு என் தோழி ஒருத்தியோட கதையை எடுத்துக்கலாம். சேலம் அம்மாபேட்டையில கீழ் வீட்டுல அம்மாவோட வாடகைக்கு இருக்கா. நர்ஸ் வேலை. காலை ஷிப்ட்டுக்கு அஞ்சரைக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பணும். மேல் வீட்டுல மூணு பசங்க, அவங்க ஸ்பீக்கரோட பேஸ் சத்தம் இவ படுக்குற ரூம்ல இறங்கும். ரெண்டு வீட்டுக்கும் ஓனர் ஒருத்தரே, அவர் இருக்கிறது திருச்செங்கோட்டுல.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு, கோபத்துல அவருக்கு வாட்ஸ்அப் போட்டா: “தினமும் விடிய விடிய சத்தம், தூங்கவே முடியல.” ஓனர் மேல கேட்டார். பசங்க, “அண்ணே, முந்தாநேத்து நாங்க ஊர்லயே இல்லைங்க”ன்னாங்க. அது உண்மைதான். அவ்வளவுதான், புகார் படுத்துடுச்சு. அவர் இவகிட்ட சொன்னது: “ஏம்மா, அம்மாபேட்டையில தறிச் சத்தம் இல்லாத ராத்திரி ஏதும்மா?”

இந்த ரெண்டு பதில்லயும் ஒரு பாடம் இருக்கு. அவளை விழ வைச்சது “தினமும்”ங்கிற ஒரே வார்த்தை. ஒரு நாள் தப்புன்னு தெரிஞ்சா மீதி எல்லா நாளும் சந்தேகத்துக்கு வந்துடும். ரெண்டாவது, சத்தம் எங்கேருந்து வருதுன்னு அவ எங்கயும் காட்டவே இல்லை. தெரு முழுக்க விசைத்தறி ஓடுற ஊர்ல, ஓனருக்கு முதல்ல தோணுறது தறிதான்.

அப்புறம் அவ மூணு வாரம் எழுதி வச்சா. 2024 நவம்பர் 4 திங்கள்ல ஆரம்பிச்சு 24 ஞாயிறு வரைக்கும், 21 ராத்திரி. தீபாவளி அக்டோபர் 31-லயே முடிஞ்சிருச்சு, அதனால “பண்டிகை நேரம்”னு யாரும் சொல்ல முடியாது. நீங்களும் ஆரம்பிக்கும்போது கோயில் திருவிழா, கல்யாண சீசன் மாதிரி நாட்களைத் தவிர்த்துடுங்க. இல்ல, அந்த நாள்னு பக்கத்துலயே குறிச்சிடுங்க.

எப்படி எழுதினா? நோட்டு கிடையாது. வாட்ஸ்அப்ல தனக்குத் தானே மெசேஜ் அனுப்பிக்கிட்டா. சத்தம் ஆரம்பிக்கும்போது ஒண்ணு, நிக்கும்போது ஒண்ணு. நேரம் தானா பதிஞ்சிடும். காலையில எழுந்து “நேத்து ஒரு பதினொண்ணு இருக்கும்”னு எழுதுறதை விட இது எவ்வளவோ பலமானது. ஞாபகம் எப்பவும் சத்தத்தை நீட்டித்தான் சொல்லும். ஒரு பதிவு இப்படி இருந்துச்சு:

> நவம்பர் 19, செவ்வாய். 11.10 ஆரம்பம். படுக்கை ரூம், ஜன்னல் சாத்தி இருக்கு. பாட்டு கேட்கல, பேஸ் மட்டும் இடிக்குது. அலமாரி டம்ளர் அதிருது. தெருவுல தறி ஓடுது. அம்மாவும் முழிச்சுட்டாங்க. 1.05-க்கு இன்னும் ஓடுது, அதுக்கப்புறம் தூங்கிட்டேன்.

கடைசி வரியைக் கவனிங்க. எப்போ நின்னுச்சுன்னு அவளுக்குத் தெரியாது, அதனால ஊகிக்கல. அதே மாதிரி “குடிச்சிட்டு ஆட்டம் போடுறாங்க”ன்னும் எழுதல. அவ பார்த்ததில்லை. காதுல விழுந்தது, கண்ணுல பட்டது, அதோட நிறுத்திக்கிட்டா. பசங்களே இதைப் படிச்சாலும் “இது பொய்”னு சொல்ல ஒரு வரி இருக்கக் கூடாது. ஏன்னா ஓனர் நிச்சயம் அவங்ககிட்ட காட்டுவார். வாடகை வீடு போனா அந்தப் பசங்களுக்கும் கஷ்டம்தான், அதனால எழுதுறதுல நியாயம் இருக்கணும்.

அமைதியா இருந்த ராத்திரியையும் எழுதினா: “10.45 வரை முழிச்சிருந்தேன், சத்தம் இல்லை. நடுவுல முழிப்பு வரல.” பெரும்பாலானவங்க விடுறது இதைத்தான். சத்தமான நாட்களை மட்டும் எழுதினா அது குறைப் பட்டியல். அமைதியான நாட்களும் சேர்ந்தாதான் அது கணக்கு.

அந்தக் கணக்கு என்ன காட்டுச்சு? 21-ல 11 ராத்திரி சத்தம். முதல் வாரம் 5, ரெண்டாவது வாரம் 1, மூணாவது வாரம் 5. எதுக்கு இப்படி ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்? மேல இருக்கிற பசங்களுக்கு ஷிப்ட் மாறுது. ரெண்டாம் ஷிப்ட் வாரத்துல வேலை முடிச்சு பத்தரைக்கு மேல வந்து, சாப்பிட்டு, படம் போடுறாங்க. ஆரம்பிக்கிற நேரம் எப்பவும் 10.40-க்கும் 11.15-க்கும் நடுவுல. “பொறுப்பில்லாத பசங்க”ன்னு நினைச்சிருந்த விஷயம் இப்போ “இந்த வாரம், இந்த நேரம்”னு சுருங்கிடுச்சு. இதை ஓனரால பேசித் தீர்க்க முடியும்.

தறிக் கேள்விக்கும் பதில் அதுலயே இருந்துச்சு. அந்தத் தெருத் தறிகளுக்கு ஞாயிறு லீவு. சத்தம் வந்த 11-ல ரெண்டு, ஞாயிறு ராத்திரி. தறி ஓடாதபோதும் அதே இடி இருந்துச்சு. போதாததுக்கு, ரெண்டாவது வாரம் தறி வழக்கம் போல ஓடினப்போ அவ நல்லா தூங்கினா. ஒரு காரணத்தைக் கழிக்கணும்னா, அது இல்லாத ராத்திரியையும் அது மட்டும் இருந்த ராத்திரியையும் காட்டுங்க. குமாரபாளையமோ பள்ளிபாளையமோ, தறிக்குப் பக்கத்துல இருக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும். தறி இல்லாத ஊர்ல லாரி, ரிக் வண்டி, ஜெனரேட்டர்னு வச்சுக்கோங்க.

இப்போ போன் விஷயத்துக்கு வர்றேன். நிறைய பேர் முதல்ல பண்றது டெசிபல் ஆப் இறக்குறது. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ராத்திரின்னா 10 மணியிலேருந்து காலை 6 மணி வரை. ஆப்ல 52 காட்டினா ஜெயிச்சுட்டோம்னு தோணும். ஆனா உங்க போன் மைக்கை யாரும் அளவு சரிபார்க்கல. அதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. இந்த 45-ங்கிற எண்ணு மனுஷக் காதோட கூர்மைக்குத் தகுந்த மாதிரி எடை போட்ட அளவு. அந்த எடையில தாழ்ந்த ஒலி ரொம்பக் குறைஞ்சிடும். 63 ஹெர்ட்ஸ்ல வர்ற பேஸுக்கு கிட்டத்தட்ட 26 டெசிபல் கழிச்சிடுவாங்க. கான்கிரீட் தளம் வழியா இறங்குறது பெரும்பாலும் அந்த பேஸ்தான். அதனால நெஞ்சுல இடிக்கிறப்போ ஆப் 40-னு காட்டலாம். அதை அனுப்பினா, உங்க புகாரை நீங்களே உடைச்ச மாதிரி ஆயிடும். என் கருத்து, ஓனருக்கு எண்ணே வேண்டாம்.

சாதாரண ரெக்கார்டிங்கும் ஏமாத்தும். பல போன்கள் சின்ன சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கிப் பதியும். கேட்குறவருக்கு ஃபேன் ஓடுறதுதான் தெரியும். போன் ஸ்பீக்கர்ல பேஸும் வராது, அதனால ஹெட்போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்க. தோழி பண்ணது எளிமையானது. ஃபேனை நிறுத்திட்டு, போனை ஒரே ஸ்டூல் மேல, ஒரே இடத்துல வச்சு, நாளையும் நேரத்தையும் வாயால சொல்லிட்டு 30 நொடி பதிஞ்சா. அமைதியான ஒரு ராத்திரியிலயும் அதே இடத்துல 30 நொடி. பேரு `2024-11-19_2314.m4a` மாதிரி. இதோட ஒரு வீடியோவும் எடுத்தா: சுவர்க் கடிகாரமும், அலமாரியில அதிருற எவர்சில்வர் டம்ளரும். பேஸைக் காதுக்குக் காட்ட முடியலன்னா கண்ணுக்குக் காட்டலாம். எல்லாமே தன் ரூம்ல இருந்து எடுத்தது. மாடிப்படி ஏறி, அவங்க கதவுல போனை வச்சு, பேச்சைப் பதியவே கூடாது. அப்புறம் பேச்சு சத்தத்தைப் பத்தி இருக்காது, உங்களைப் பத்தி ஆயிடும்.

நடுவுல ஒரு தடவை, நவம்பர் 8-ஆம் தேதி சாயங்காலம், மேல போய் நேர்ல சொன்னா: “தம்பி, ராத்திரி பேஸ் மட்டும் கீழ இடிக்குதுப்பா, கொஞ்சம் குறைச்சுக்கோங்க.” அந்தத் தேதியையும் குறிச்சு வச்சா. “எங்ககிட்ட சொல்லவே இல்லையே”ங்கிற பதிலுக்கு அது தேவைப்படும்.

கடைசியில ஓனருக்குப் போன கடிதம் இவ்வளவுதான்:

> ஐயா, நவம்பர் 4 முதல் 24 வரை 21 இரவுகளில் 11 இரவுகள் மேல் வீட்டு ஸ்பீக்கர் சத்தம் என் படுக்கை அறையில் கேட்டது. இரவு 10.40-க்கு மேல் ஆரம்பித்து 12.45-ஐத் தாண்டும். மீதி 10 இரவுகள் சத்தம் இல்லை. 11-ல் 2 இரவுகள் ஞாயிறு, அன்று தறி ஓடவில்லை. நவம்பர் 8 அன்று அவர்களிடம் நேரில் சொன்னேன். இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். தேதிப் பட்டியலும் மூன்று பதிவுகளும் இணைத்துள்ளேன்.

பகல்ல, பத்து மணி வாக்குல அனுப்பினா. கோபம் இல்லை, “காலி பண்ண வைங்க”ன்னும் இல்லை. ஓனர் என்ன செய்யணும்னு ஒரே ஒரு வரி.

ஓனருக்கு இது ஏன் உதவுது? தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2017-ல நிறைவேறி 2019 பிப்ரவரி 22-ல நடைமுறைக்கு வந்தது. அதுப்படி, குடியிருக்கிறவர் வீட்டைத் தவறா பயன்படுத்துறார்னு வாடகை நீதிமன்றம் போகணும்னா, அதை நிறுத்தச் சொல்லி ஓனர் முதல்ல நோட்டீஸ் கொடுத்திருக்கணும், அதுக்கப்புறமும் அது தொடரணும். பொதுத் தொல்லை அந்தத் தவறான பயன்பாட்டுல ஒண்ணு. ஆனா ஒரு வீட்டுக்கு மட்டும் கேட்குற சத்தத்தைப் பொதுத் தொல்லைன்னு காட்டுறது கஷ்டம். அதனால பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் கேட்டா, அவங்களையே தனியா எழுதச் சொல்லுங்க. உங்க பட்டியல்ல கையெழுத்து மட்டும் வாங்காதீங்க. ரெண்டு வீட்டுப் பட்டியலும் தனித்தனியா எழுதி ஒத்துப் போனாதான் பலம்.

இங்க கோர்ட் வரைக்கும் போகல. ஓனர் வந்து பார்த்தார். சப்வூஃபர் டைல்ஸ் தரையில நேரா, இவ கட்டிலுக்கு மேலயே இருந்துச்சு. பசங்களுக்கு மேல சத்தம் கம்மியாத்தான் கேட்டிருக்கு, கீழ இடிக்கிறது உண்மையிலேயே தெரியல. அதைத் தூக்கி முன் ஹாலுக்கு மாத்தி, கீழ கனமான ஃபோம் வச்சாங்க. பத்து மணிக்கு மேல ஹெட்போன். ஃபோம் மட்டும் வச்சிருந்தா பேஸ் முழுசா நின்னிருக்காது. இடம் மாறினதும் நேரம் மாறினதும்தான் பெரிய உதவி.

தோழி அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் எழுதினா. 14-ல 1 ராத்திரி. அதையும் ஓனருக்கு அனுப்பி, “சரியாயிடுச்சுங்க ஐயா, நன்றி”ன்னு சொல்லிட்டா. திரும்ப ஒரு நாள் புகார் சொல்ல வேண்டி வந்தா, அவ பேச்சை அவர் நம்ப அந்த மெசேஜும் ஒரு காரணமா இருக்கும்.