மூக்கில் வரும் பால்

பிறந்து ஐந்து நாளான குழந்தை. மார்பில் போட்டால் ஒரு மணி நேரம் வாயை அசைக்கிறது, களைத்துத் தூங்கிவிடுகிறது, கால் மணி நேரத்தில் மறுபடியும் அழுகிறது. பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது 2.5. மூக்கு வழியாகப் பால் வரும்போதெல்லாம் தாய் பதறிப்போகிறார். "எனக்குப் பாலே ஊறல போல, சிஸ்டர்" என்கிறார்.

உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்களுக்கு இது பழகிய காட்சி. பால் இல்லாமல் இல்லை. குழந்தையால் உறிஞ்ச முடியவில்லை. வாயும் மூக்கும் ஒன்றாகத் திறந்து கிடப்பதால் வாய்க்குள் உறிஞ்சும் விசை உண்டாவதில்லை. உதடு மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் மார்பிலேயே குடித்துவிடும். அண்ணமும் பிளந்திருந்தால்தான் சிக்கல். ஐந்தே நாளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை குறைந்திருப்பதால், இந்தக் குழந்தையை உடனே மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

பால் கொடுக்கும் முறையை மாற்றினால் போதும். தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சங்கிலோ பாலாடையிலோ கொடுக்கலாம். அழுத்தினால் பால் வரும் மெத்தென்ற புட்டியும் உதவும். குழந்தையைப் படுக்க வைக்காமல், தலையும் கழுத்தும் நேராக இருக்கும்படி நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். சங்கின் நுனியை உதட்டோரம் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்த்து, ஒரு மடக்கை விழுங்கிய பிறகே அடுத்ததைத் தர வேண்டும். காற்றும் கூடவே உள்ளே போவதால் இடையிடையே ஏப்பம் எடுக்க வேண்டும்.

முதல் வாரத்தின் முடிவில் கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 150 மில்லி தேவை. இந்தக் குழந்தையின் பிறப்பு எடைக்கு 420 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு ஐம்பது மில்லிக்குச் சற்று மேல். அரை மணி நேரத்துக்குள் முடியாவிட்டால், குடித்த பாலின் ஒரு பகுதி குடிக்கும் உழைப்புக்கே செலவாகிவிடும்.

மூக்கில் கொஞ்சம் பால் வந்தால் நிறுத்தி, துடைத்துவிட்டுத் தொடரலாம். இருமல், உடல் நீலம் பாரித்தல், மூச்சுத் திணறல் இருந்தால் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். தாடை மிகச் சிறிதாக இருந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கலாம். அதற்குத் தனிக் கவனிப்பு வேண்டும்.

"கிரகணத்துல வெளிய போனா, அதான்" என்று மாமியார் சொல்லும்போது தாய் தலைகுனிவார். அந்த இடத்திலேயே, இருவரும் கேட்கும்படி, கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது தாயின் குற்றமல்ல என்று சொல்லிவிட வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டலாம். உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்தை ஒன்பது முதல் பதினெட்டு மாதத்திலும் சரிசெய்வது வழக்கம். ஆனால் பெற்றோரின் பயத்தை அதிகம் குறைப்பது, அவர்கள் கையாலேயே ஒரு வேளைப் பால் இறங்குவதுதான்.

அதனால் மாணவிகளே, நீங்கள் ஊட்டிக் காட்டியதோடு விட்டுவிடாதீர்கள். தாயும் வீட்டில் இன்னொருவரும் உங்கள் கண்முன் தாமாக ஊட்டிய பிறகே அவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டு மூன்று நாளில் எடை பார்க்க வரச் சொல்லுங்கள். நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறியிருக்க வேண்டும்.