கரூரிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஒரு கம்பெனிக் கடிதம்

கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஜனவரி மாதம் பொங்கல் மட்டுமல்ல, ஹெய்ம்டெக்ஸ்டிலும்தான். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் வீட்டு ஜவுளிக் கண்காட்சி அது. 2026-க்குக் குறித்த நாட்கள் ஜனவரி 13 முதல் 16 வரை. அதாவது பொங்கலன்று ஸ்டாலில் நின்றாக வேண்டும். முதலாளி மட்டும் போவதில்லை. ஆர்டரின் நெளிவு சுளிவு தெரிந்த மெர்ச்சண்டைசரும் கூடப் போவார். இருவருக்கும் ஷெங்கன் குறுகியகால விசா வேண்டும். அந்த விண்ணப்பக் கட்டில் மற்றத் தாள்களைச் சேர்ப்பதில் ஆளாளுக்கு ஏஜெண்ட் உதவி செய்துவிடுவார். கம்பெனி லெட்டர்ஹெட்டில் வரும் ஒரு பக்கக் கடிதத்தை மட்டும் ஆபீஸில்தான் எழுத வேண்டும். பல இடங்களில் அது பழைய ஃபைலில் இருந்து எடுத்துப் பெயரை மாற்றி அச்சடிக்கப்படுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 29. கரூர் நிறுவனம் ஒன்றில் மூன்று வருடமாக மெர்ச்சண்டைசர். முதல் வெளிநாட்டுப் பயணம். ஜனவரி 10 இரவு சென்னையில் விமானம் ஏறி, 11-ஆம் தேதி காலை பிராங்க்பர்ட்டில் இறங்குகிறார். கண்காட்சி முடிந்து, சனி ஞாயிறு போக, 19, 20 தேதிகளில் ஹாம்பர்க் நகரில் பையரின் அலுவலகத்தில் அடுத்த சீசனுக்கான பேச்சு. 21-ஆம் தேதி திரும்பும் விமானம். இவருக்காக ஆபீஸில் முதலில் தயாரான கடிதத்தின் சாரம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: “இவர் எங்கள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். ஜெர்மனி சென்றுவர இவருக்குப் பத்து நாள் விடுப்பு அளித்துள்ளோம். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. விசா வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

பணிவான கடிதம்தான். ஆனால் இது குடும்பத்தோடு பாரிஸ் பார்க்கப் போகிறவருக்கு எழுதும் என்ஓசி. விடுப்பில் போகிறவர் சொந்த வேலையாகப் போகிறார் என்று பொருள். விடுப்பில் போகிற ஆளுக்குக் கம்பெனி ஏன் டிக்கெட் எடுக்கிறது, ஏன் ஸ்டாலில் நிற்கவைக்கிறது என்ற கேள்வி அடுத்த தாளைப் புரட்டும்போதே எழும். தொழில்முறைப் பயணத்துக்கான கடிதத்தில் விடுப்பு என்ற பேச்சே வரக் கூடாது. நிறுவனம் இவரைத் தன் வேலையாக அனுப்புகிறது, அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு, 22-ஆம் தேதி முதல் கரூர் அலுவலகத்தில் அதே பொறுப்பில் தொடர்வார் என்று இருக்க வேண்டும்.

கடிதத்தைப் படிக்கும் விசா அதிகாரிக்குக் கரூரும் தெரியாது, முதலாளியின் செல்வாக்கும் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பு அவரிடம் சில விஷயங்களைச் சரிபார்க்கச் சொல்கிறது: எதற்காக வருகிறார், எங்கே தங்குகிறார், செலவுக்கு வழி உண்டா, விசா முடியும் முன் கிளம்பிவிடுவாரா. ஆகவே அவர் கம்பெனிக் கடிதத்தைச் சிபாரிசாகப் படிப்பதில்லை. அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் கட்டில் உள்ள இன்னொரு தாள் சாட்சி சொல்கிறதா என்று பார்க்கிறார். “நேர்மையானவர், கடின உழைப்பாளி” என்ற வரிகளுக்குச் சாட்சித் தாள் கிடையாது. அவற்றை எழுதி இடத்தை அடைக்க வேண்டாம்.

பதவியில் இருந்து தொடங்கலாம். சம்பளச் சீட்டில் ‘மெர்ச்சண்டைசிங் எக்ஸிக்யூட்டிவ்’ என்று இருக்கும். விசிட்டிங் கார்டில் ‘மார்க்கெட்டிங் மேனேஜர்’ என்று இருக்கும். விசாவுக்கு ஆகட்டும் என்று கடிதத்தில் ‘துணைப் பொது மேலாளர்’ ஆக்கிவிடுவார்கள். பெரிய பதவிக்கு விசா எளிதில் கிடைக்கும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. கடிதத்திலும் சம்பளச் சீட்டிலும் வெவ்வேறு பதவி இருந்தால் இரண்டையுமே நம்ப முடியாமல் போகும். சம்பளச் சீட்டில் உள்ளதையே எழுதி, சேர்ந்த தேதியையும் மாதச் சம்பளத்தையும் சேர்த்து, அதன்பின் இந்த ஆளை ஏன் அனுப்புகிறோம் என்பதற்கு ஒரு வரி கொடுங்கள். ‘ஹாம்பர்க் வாடிக்கையாளரின் மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு ஆர்டர்களை இரண்டு வருடமாகக் கவனிப்பவர் இவரே’ என்ற வரி எந்தப் பட்டத்தையும்விட வலுவானது. அந்த வாடிக்கையாளரின் அழைப்புக் கடிதத்திலும் இவர் பெயர் இருந்தால் வரிக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

நோக்கத்தில் ஒரு சொல் காரியத்தைக் கெடுக்கும். ‘எங்கள் ஸ்டாலில் வேலை செய்வார்’ என்று எழுதினால், படிப்பவர் வேலை அனுமதி எங்கே என்று கேட்கலாம். இந்திய நிறுவனத்தின் ஊழியராகவே இருந்துகொண்டு, வெளியே போய் சந்திப்பு நடத்துவது, விலை பேசுவது, ஒப்பந்தம் முடிப்பது ஆகியவற்றை ஜெர்மன் சட்டம் வணிகப் பயணம் என்றே ஏற்கிறது. 180 நாளில் 90 நாளுக்கு மிகாமல் இருந்தால் போதும். எனவே நடக்கப்போவதை அப்படியே சொல்லலாம்: கண்காட்சியில் நிறுவனத்தின் சார்பில் பங்கேற்பது, வாடிக்கையாளர்களைச் சந்திப்பது, சாம்பிள் காட்டி ஆர்டர் பேசுவது. ஹால் எண்ணையும் ஸ்டால் எண்ணையும் குறித்து, கண்காட்சி அமைப்பாளர் தந்த பங்கேற்பு உறுதியை இணைத்துவிட வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் இயந்திரம் செய்து அனுப்புகிறவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விற்ற இயந்திரத்தை அங்கே போய்ப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் ‘மீட்டிங்’ அல்ல. அதற்குத் தனி விதி உண்டு. வேலை தொடங்கும் முன் ஜெர்மன் வேலைவாய்ப்பு அமைப்புக்குத் தகவல் தர வேண்டும். ஸ்பேனரோடு போகிறவருக்குப் பேச்சுவார்த்தை என்று கடிதம் எழுதுவது பொய்.

இனி நாள் கணக்கு. முதல் கடிதத்தில் ‘பத்து நாள்’ எப்படி வந்தது தெரியுமா? ஹோட்டல் புக்கிங்கைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிராங்க்பர்ட்டில் ஏழு இரவு, ஹாம்பர்க்கில் மூன்று இரவு, ஆக மொத்தம் பத்து. ஆனால் ஷெங்கன் கணக்கில் இரவுக்கு இடமில்லை. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் முழு நாட்கள். 11 முதல் 21 வரை எண்ணினால் 11 நாள் வரும். கேட்டபடியே பத்து நாள் தங்க அனுமதித்து விசா வந்துவிட்டால் கடைசி நாள் அவர் அங்கே இருக்க உரிமையில்லை. இதில் இன்னொரு மயக்கமும் உண்டு. திட்டம் சற்றுத் தள்ளிப்போனால் உதவட்டும் என்று ஒருமுறை பயண விசாவின் செல்லுபடித் தேதியில் பொதுவாக 15 நாள் கூட்டித் தருவார்கள். அதைப் பார்த்துக் கூடுதலாகத் தங்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம்; ஆனால் தங்கும் நாள் அச்சிட்ட எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. கடிதத்தில் ‘சுமார்’ என்ற சொல்லைத் தவிர்த்து, இறங்கும் தேதி, கிளம்பும் தேதி, மொத்த நாள் மூன்றையும் எழுதிவிட்டால் குழப்பமில்லை. விண்ணப்பப் படிவமும் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் அதே தேதிகளைச் சொல்ல வேண்டும். 13-ஆம் தேதி கண்காட்சி என்று 12 முதல் காப்பீடு எடுத்தவர் 11-ஆம் தேதி காப்பீடு இல்லாமல் இறங்குவார்.

அதிகம் தடுமாறுவது செலவு விஷயத்தில்தான். பயணச் செலவு யாருடையது என்று விண்ணப்பப் படிவமே கேட்கிறது: விண்ணப்பதாரரா, வேறொருவரா. சுற்றுலா விண்ணப்பங்களை நிரப்பிப் பழகிய கை முதல் கட்டத்தில் டிக் அடித்துவிடும். கடிதமோ ‘எல்லாச் செலவும் நிறுவனத்துடையது’ என்கிறது. ஹாம்பர்க்காரர் அனுப்பிய அழைப்பில் ‘மூன்று இரவு ஹோட்டலும் உள்ளூர்ப் போக்குவரத்தும் எங்கள் பொறுப்பு’ என்றிருக்கிறது. ஒரே பயணத்துக்கு மூன்று விதமாகப் பணம் கொடுக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் படிக்கிறவருக்கு எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாது.

இதற்கு வழி, கடிதத்தில் செலவைப் பிரித்து எழுதுவது. சென்னை–பிராங்க்பர்ட் போக வர விமானக் கட்டணம், 11 முதல் 18 வரை பிராங்க்பர்ட் ஹோட்டல், காப்பீடு, முழுப் பயணத்துக்கும் தினப்படி ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. 18 முதல் 21 வரை ஹாம்பர்க் தங்கலும் அங்கே போக்குவரத்தும் அழைப்பாளரின் பொறுப்பு, அவருடைய கடிதம் இணைப்பில். நிறுவனம் பணம் கொடுக்கிறது என்றால் நிறுவனத்தின் கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டுச் சான்று ஆகியவை அந்த வரிக்குச் சாட்சி.

இங்கே ஊரில் நடக்கும் ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கும் முன் ஊழியரின் சொந்தக் கணக்கில் யாரிடமாவது வாங்கி மூன்று லட்சத்தைப் போட்டு வைக்கிறார்கள். கம்பெனி செலவில் போகிறவருக்கு அது தேவையே இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் விழும் சாதாரணக் கணக்கு, கடிதத்தில் சொன்ன சம்பளம் உண்மைதான் என்று காட்டும். திடீரென்று வந்த மூன்று லட்சம், இது யார் பணம் என்று கேட்கவைக்கும்.

கையெழுத்து போகிறவருடையதாக இருக்கக் கூடாது. முதலாளியோ மனிதவளப் பொறுப்பாளரோ பெயர், பதவி, தொலைபேசி எண்ணோடு போட வேண்டும். அந்த எண்ணை எடுக்கும் வரவேற்பறைப் பெண்ணுக்கும் இந்தப் பயணம் தெரிந்திருப்பது நல்லது. சரிபார்க்க அழைப்பு வந்தால் ‘அப்படி யாரும் இங்க இல்லைங்களே’ என்று சொல்லிவிடக் கூடாது. முதலாளியே போனால்? கரூரில் பல நிறுவனங்கள் கூட்டு வணிகமோ தனி உரிமையோதான். பங்குதாரர் இருந்தால் அவர் கையெழுத்திடலாம். தனி உரிமையாளர் தனக்குத்தானே வேலை கொடுத்தவராக நடிக்கத் தேவையில்லை. நான் இந்த நிறுவனத்தின் உரிமையாளர், இந்த நாட்களில் இந்தக் காரணத்துக்காகச் செல்கிறேன் என்று உறுதிமொழியாகவே எழுதி, பதிவுச் சான்றுகளையும் வருமான வரிக் கணக்கையும் இணைக்கலாம்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசியாக 15 நாளாவது முன்னால் கொடுத்தாக வேண்டும். நிராகரித்தால் காரணங்களுக்கு டிக் அடித்த படிவம் ஒன்று வரும். 90 யூரோ கட்டணம் திரும்பி வராது. முன்பெல்லாம் ஜெர்மன் தூதரகத்துக்கே மறுபரிசீலனை கேட்டுக் கட்டணமில்லாமல் எழுத முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெர்லினில் வழக்குப் போட வேண்டும். டிசம்பரில் நிராகரிப்பு வந்தால் ஜனவரிக் கண்காட்சிக்கு இரண்டுமே உதவுவது கடினம்.

விசா கிடைத்ததும் கடிதத்தை மேசை டிராயரில் போட்டுவிட வேண்டாம். பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் எல்லைக் காவலர் எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், செலவு யாருடையது என்று மறுபடி கேட்கலாம். விசா இருந்தும் பதில் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. கடிதம், அழைப்பு, ஹோட்டல் புக்கிங், காப்பீடு ஆகியவற்றின் நகல்கள் கைப்பையில் இருக்கட்டும். சாம்பிளோடு சேர்த்து செக்-இன் பெட்டியில் வைத்தால், அந்தப் பெட்டி கைக்கு வருவதே எல்லைக் காவலரைத் தாண்டிய பிறகுதான்.