ஒரே பரீட்சையில் இரண்டு பிழைகள் ஏன்?

இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிராங்க் யேட்ஸ் 1935-இல் விளக்கிய ஓட்ஸ் பரீட்சையிலே, நிலத்தை ஆறு தொகுதிகளாக்கி, தொகுதிக்கு மூன்று பெரும்பாத்திகள் வகுத்து, மூன்று ரகங்களைக் குலுக்கல் முறையில் அவற்றுக்கு ஒதுக்கி, ஒவ்வொரு பெரும்பாத்தியையும் நான்கு உட்பாத்திகளாகப் பிளந்து, நைட்ரஜன் உரத்தின் நான்கு அளவுகளை அவற்றில் மறுபடியும் குலுக்கி இட்டிருந்தார்கள்.

குலுக்கல் இருமுறை நிகழ்ந்தமையால்தான் பிழையும் இரண்டாயிற்று. ஒரு பெரும்பாத்தியின் மண்வளம் அதன் நான்கு உட்பாத்திகளுக்கும் பொதுவாதலால், அவற்றுக்குள் உரங்களை ஒப்பிடுகையில் அது தானே கழிந்துவிடுகிறது. ரகத்தோடு ரகத்தை ஒப்பிடுகையிலோ, பாத்திக்குப் பாத்தி உள்ள வளத்தின் வித்தியாசம் முழுவதும் கூடவே வந்து சேர்கிறது.

ஆகவே, 72 விளைச்சல்களின் 71 கட்டின்மைக் கூறுகள் மாறுபாட்டுப் பகுப்பாய்வில் இரண்டு அடுக்குகளாகப் பிரிகின்றன: மேலடுக்கில் தொகுதிகளுக்கு 5, ரகங்களுக்கு 2, பெரும்பாத்திப் பிழைக்கு 10, கீழடுக்கில் உரத்துக்கு 3, ரகமும் உரமும் கூடி விளைக்கும் பலனுக்கு 6, உட்பாத்திப் பிழைக்கு 45. பிழைகளின் சராசரி வர்க்கங்கள் முறையே சுமார் 601, 177.

ரகங்களின் சராசரி வர்க்கம் 893. அதை உரிய பிழையாகிய 601-ஆல் வகுத்தால் சுமார் 1.5 வருகிறது, பேதம் உண்டென்று சாதிக்க அது போதாது. அடுக்குகளை மறந்து 177-ஆல் வகுப்பவருக்கோ, 5-க்குச் சற்று மேல் கிடைத்து, நிரூபணமாகாத பேதம் நிரூபணமானதாகத் தோற்றமளிக்கும். உரத்துக்கான விகிதம் 37-ஐத் தாண்டுகிறது. அங்கே சந்தேகத்துக்கு இடமேயில்லை. ரகங்களின் பேதத்தையே முக்கியமாக அறிய விரும்புகிறவர், அவற்றைப் பெரும்பாத்தியில் வைக்காதிருப்பதே விவேகம்.