ஒரு குறி விட்டுப்போனதால் திறந்த வழி

பெரிய அலுவலகங்களில் காலையில் பெயரும் பாஸ்வேர்டும் தட்டி உள்ளே போகிறோம். அது சரியா என்று பார்த்து அனுமதிப்பது பெரும்பாலும் ஆக்டிவ் டைரக்டரி. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000 சர்வரோடு கொண்டுவந்த பதிவேடு அது. ஊழியர்கள், கணினிகள், குழுக்கள் எல்லாம் அதில் இருக்கும். யார் யாருடைய பாஸ்வேர்டை மாற்றலாம், எந்தக் குழுவில் ஆள் சேர்க்கலாம் என்ற அனுமதிகளும் அதற்குள்ளேயே இருக்கும். புது மென்பொருள் நிறுவும்போதும், ஆள் மாறும்போதும், அவசரத்துக்கு ஒரு வேலையை முடிக்கும்போதும் அனுமதிகள் கூடிக்கொண்டே போகும். வேலை முடிந்ததும் அவற்றைத் திரும்ப எடுப்பவர்கள் குறைவு.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை ஆபத்தாகத் தெரியாது. ஒன்றோடொன்று கோக்கும்போதுதான் விஷயமே இருக்கிறது. உதவி மையத்துக்கு ஒரு சர்வர்மேல் அதிகாரம். அந்த சர்வர் ஒரு குழுவில் உறுப்பினர். அந்தக் குழுவுக்கு இன்னொன்றின்மேல் உரிமை. இப்படித் தொடர்ந்தால் புதிதாகச் சேர்ந்த ஊழியரின் கணக்கிலிருந்து தலைமை நிர்வாகி வரை ஒரு பாதை கிடைத்துவிடும். பட்டியல்களில் இந்தப் பாதை கண்ணில் படாது.

2016-இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் ஆண்டி ராபின்ஸ், ரோஹன் வஸார்கர், வில் ஷ்ரோடர் மூவரும் வெளியிட்ட பிளட்ஹவுண்ட் இந்தப் பாதைகளை வரைந்து காட்டுகிறது. ஒவ்வொரு கணக்கும் கணினியும் குழுவும் ஒரு புள்ளி. ஒன்று மற்றொன்றை எந்த உரிமையால் ஆளலாம் என்பது அம்புக்குறி. தகவலைத் திரட்டிக் கொடுப்பது ஷார்ப்ஹவுண்ட் என்ற துணைக் கருவி. இதில் முக்கியமான ஒன்று உண்டு: ஆக்டிவ் டைரக்டரியில் பெரும்பகுதியை எந்தச் சாதாரண ஊழியரின் கணக்கும் படிக்கலாம், அதன் அடிப்படை அமைப்பே அப்படித்தான். ஆகவே உள்ளே ஒரு கணக்கைப் பிடித்துவிட்ட திருடனும் இதே வரைபடத்தைப் போட்டுப் பார்க்க முடியும். காவல் காப்பவர்கள் அவனுக்கு முன்னால் அதைப் பார்த்தாக வேண்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான உதாரணம், மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்ச். அதை நிறுவும்போது சில குழுக்கள் தாமாகவே உருவாகும். அவற்றில் ஒன்று `Exchange Windows Permissions`. அஞ்சல் பெட்டிகளை நிர்வகிக்க, ஊழியர் கணக்குகளின் அனுமதிகளை மாற்றும் உரிமை இதற்குத் தரப்படும். நோக்கம் நியாயமானது. அந்த உரிமை டொமைனின் உச்சியில் எழுதப்பட்டு, கீழே இருக்கும் கணக்குகளுக்கு இறங்கிப் போகும். ‘இது கீழே இறங்குவதற்கு மட்டும், உச்சிக்குப் பொருந்தாது’ என்று சொல்லும் ஒரு சிறு குறியை அதோடு போட்டிருக்க வேண்டும். பல ஆண்டுகளாக அது போடப்படவில்லை. அதனால் டொமைனின் அனுமதிகளையே மாற்றும் உரிமை அந்தக் குழுவுக்குக் கிடைத்துவிட்டது.

பிளட்ஹவுண்டில் இந்த உரிமையின் பெயர் `WriteDacl`. சாவியே கையில் இல்லாவிட்டாலும், சாவி யாருக்கு என்று முடிவு செய்யும் அதிகாரம் இருப்பது போன்றது அது. இதை வைத்திருப்பவர், டொமைன் கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் பாஸ்வேர்டு விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் உரிமையைத் தனக்கே எழுதிக்கொள்ளலாம். அப்புறம் எல்லாருடைய பாஸ்வேர்டு ஹாஷ்களும் அவர் கைக்கு வந்துவிடும்.

ஒரு கற்பனை நிறுவனத்தில் இதை வரைந்து பார்க்கலாம். உதவி மையத்தில் வேலை பார்க்கும் ஒருவர் `Helpdesk` குழுவில் இருக்கிறார். அந்தக் குழுவுக்கு `MAIL01` என்ற அஞ்சல் சர்வரில் நிர்வாகி உரிமை உண்டு. யாரோ எப்போதோ, பழுது பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று கொடுத்தது. `MAIL01` கணினிக்கணக்கு `Exchange Trusted Subsystem` குழுவில் உறுப்பினர். அந்தக் குழு `Exchange Windows Permissions` குழுவில் உறுப்பினர். அங்கிருந்து டொமைனுக்கு `WriteDacl`. மொத்தம் ஐந்து அம்புகள். இந்த ஐந்தையும் தனித்தனி ஆட்கள், தனித்தனிக் காலத்தில், தனித்தனிக் காரணத்துக்காகப் போட்டிருப்பார்கள்.

எதை வெட்டுவது? உதவி மையத்தின் நிர்வாகி உரிமையை எடுப்பது எளிது, எடுக்கவும் வேண்டும். ஆனால் `MAIL01`-க்குள் நுழைய வேறு வழிகளும் இருக்கலாம். 2019 ஜனவரியில் டிர்க்-யான் மொல்லெமா என்ற ஆய்வாளர், அஞ்சல் பெட்டி வைத்திருக்கும் எந்த ஊழியரும் எக்ஸ்சேஞ்ச் சர்வரின் அடையாளத்தைத் தன் வேலைக்குப் பயன்படுத்தி இந்த உரிமையை அடையலாம் என்று காட்டினார். அப்போது உதவி மையம் என்ற முதல் படிக்கே தேவையில்லை. நடுவில் இருக்கும் குழு உறுப்பினர் அம்புகளை வெட்டினால் அஞ்சல் நிர்வாகமே நின்றுபோகும். மிஞ்சுவது கடைசி அம்பு. எல்லாப் பாதையும் அதன் வழியாகத்தான் போகிறது. அஞ்சல் வேலைக்கு அது தேவையும் இல்லை. வரைபடம் தரும் பெரிய உதவி இதுதான்: பல பாதைகள் வந்து சேரும், ஆனால் யாருக்கும் தேவைப்படாத அம்பை அது காட்டிக்கொடுக்கிறது.

2019 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்சேஞ்ச் மாற்றங்களில் விட்டுப்போன குறியும் சேர்க்கப்பட்டது. ஆனால் புதுப்பிப்பைப் போட்டதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. `/PrepareAD` என்ற படி ஓடினால்தான் டொமைனின் அனுமதி மாறும். பல டொமைன்கள் உள்ள இடத்தில் ஒவ்வொன்றிலும் சரிபார்க்க வேண்டும். கையால் திருத்திய பிறகு யாராவது பழைய பதிப்பின் நிறுவலை ஓட்டினால் பழைய அனுமதி திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். அஞ்சலை மேகக்கணிக்கு மாற்றி, பழைய சர்வரை அணைத்துவிட்ட இடங்களிலும் கவனம் வேண்டும். சர்வர் போனாலும் குழுவும் அதன் உரிமையும் டைரக்டரியிலேயே கிடக்கலாம்.

திருத்துவதற்கு முன் `dsacls` கட்டளையால் டொமைனின் இப்போதைய அனுமதிகளை ஒரு கோப்பில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அஞ்சல் குழுவிடம் சொல்லிவிட்டு மாற்றம் செய்யலாம். அப்புறம் ஷார்ப்ஹவுண்டை மறுபடி ஓட்டி, புதிய தகவலை ஏற்றி, டொமைன்மேல் நேரடி உரிமை யாருக்கெல்லாம் மிச்சம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்:

```
MATCH p=(n)-[:WriteDacl|GenericAll|WriteOwner|Owns]->(d:Domain)
RETURN p
```

`Domain Admins`, `Enterprise Admins`, `Administrators` வருவது இயல்பு. வேறு எந்தப் பெயர் வந்தாலும் அது எதற்காக அங்கே இருக்கிறது என்று ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சொல்ல ஆளே இல்லை என்றால், தணிக்கையை இயக்கி 5136 என்ற நிகழ்வுப் பதிவைச் சில வாரம் கவனிக்கலாம். டைரக்டரியில் ஒரு பொருள் மாற்றப்படும்போது, மாற்றியது யார் என்பதோடு அது பதிவாகும். அந்தப் பெயர் ஒருமுறைகூட வராவிட்டால் உரிமையை எடுக்கத் தைரியம் வரும்.

ஒரு அம்பை வெட்டியதும் பாதைகள் தீர்ந்துவிடாது. மிகக் குறுகிய பாதை போனால் அடுத்த நீளமான பாதை முன்னே வரும். எக்ஸ்சேஞ்ச் விஷயத்திலேயே, குறி சரியான பிறகும் சாதாரணக் கணக்குகள்மேல் அந்தக் குழுவுக்கு உள்ள உரிமை அப்படியேதான் இருக்கும். அந்தக் கணக்குகளில் ஒன்று காப்புப்பிரதி சர்வரின் நிர்வாகியாக இருந்தால், அங்கே தலைமை நிர்வாகி ஒருவர் உள்நுழைந்திருந்தால், மறுபடி ஒரு பாதை தயார். இதை அனுமதியில் கைவைத்துத் தீர்க்க முடியாது. தலைமை நிர்வாகியின் கணக்கை அப்படிப்பட்ட சர்வர்களில் பயன்படுத்துவதையே நிறுத்த வேண்டும்.

உள்நுழைவைக் காட்டும் `HasSession` அம்பை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். தகவல் திரட்டிய நேரத்தில் யார் எந்தக் கணினியில் இருந்தார்கள் என்பதுதான் அது. மதியம் திரட்டினால் இரவில் வேலை செய்யும் நிர்வாகி அதில் இருக்க மாட்டார். வேலை நாளின் வெவ்வேறு நேரங்களில் திரட்டிச் சேர்த்தால்தான் அந்தப் பகுதி ஓரளவு நிறையும். அனுமதி அம்புகள் அப்படி நேரத்துக்கு நேரம் மாறுவதில்லை. வேலையை அவற்றிலிருந்தும், அதிலும் டொமைனைத் தொடும் அம்புகளிலிருந்தும் தொடங்குவதே நல்லது.