ரொறன்ரோவில் காசு, யாழ்ப்பாணத்தில் கேக்

அம்மாவின் பிறந்தநாளுக்கு ரொறன்ரோவிலிருந்து மகன் கேக்கும் சேலையும் அனுப்பச் சொல்கிறார். அவர் கொடுப்பது கனடிய டொலர். கடைக்காரர் மாவும் பட்டரும் சேலையும் வாங்குவது இலங்கை ரூபாவில். இப்படிப்பட்ட ஓடர்களை எடுக்கும் சிறு கடைகள் இந்த இரண்டு நாணயங்களுக்கும் இடையில்தான் நட்டப்படுகின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பரிசின் விலை, கொண்டுபோய்க் கொடுக்கும் கூலியும் சேர்த்து, 15,000 ரூபா. இணையத்தில் தேடினால் ஒரு டொலர் 200 ரூபா என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். கடைக்காரர் 75 டொலர் கேட்கிறார். அட்டைப் பணத்தை வாங்கித் தரும் நிறுவனம் நூற்றுக்கு 3 எடுத்தால் மிஞ்சுவது 72.75 டொலர். வங்கி டொலரை வாங்கும் விலையோ 195 ரூபாதான். கைக்கு வருவது 14,186 ரூபா. கேக்கில் கிடைக்க வேண்டிய லாபத்தில் 800 ரூபாவுக்கு மேல் சத்தமில்லாமல் போய்விடுகிறது. வங்கி வாங்கும் விலையிலிருந்து கழிவையும் நீக்கிக் கணக்கிட்டால், கேட்க வேண்டிய விலை 79.30. அதை 80 டொலர் என்று போடுவதே சரி.

அடுத்த ஆபத்து நாள் இடைவெளி. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாவின் மதிப்பைச் சந்தையிடம் விட்டபோது, ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. முன்கூட்டியே பணம் வாங்கி, அதை உடனே ரூபாவாக்கி வைத்தவர், பின்னர் ஏறிய விலையில் பட்டர் வாங்க வேண்டியிருந்திருக்கும். ஆகவே சேலை போன்ற கெடாத பொருளைப் பணம் வந்த அன்றே வாங்கி வைப்பது நல்லது. விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் ஓடரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும்போது இழப்பு இன்னும் கூடும். வங்கி டொலரை விற்கும் விலை 205 என்றால், அதே 80 டொலரை அனுப்ப 16,400 ரூபா வேண்டும். வந்ததோ 15,132 ரூபா. எடுத்த கழிவையும் பல நிறுவனங்கள் திருப்பித் தருவதில்லை. எந்த நாள் வரை ஓடரை ரத்துச் செய்யலாம், எவ்வளவு பிடிக்கப்படும் என்பதைப் பணம் வாங்குமுன் சொல்லிவிட வேண்டும்.

பணம் கொடுத்தவர் பரிசைக் கண்ணால் பார்ப்பதில்லை. வரவில்லை என்று அவர் தன் வங்கியில் முறையிட்டால், கொடுத்ததை நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரரே. அதனால் வாங்கியவரின் கையொப்பமும், அவர் சம்மதித்தால் ஒரு படமும் அவசியம். ஒழுங்கையின் பெயரோடு பக்கத்துக் கோயில் அல்லது கடையின் அடையாளம், வீட்டில் இன்னொருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றையும் முதலிலேயே கேளுங்கள். கோடைகாலத்தில் யாழ்ப்பாணம் ரொறன்ரோவைவிட ஒன்பதரை மணி நேரம் முந்தியது. எனவே 'நாளைக்கு' என்று எழுதாமல், இலங்கைத் தேதியையே எழுதி வாங்குங்கள்.