ஸ்கிரீன்ஷாட் சாட்சி ஆகாது

பழைய போனை விற்பனைக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று படங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முன்பக்கம், பின்பக்கம், அட்டைப்பெட்டியோடு சேர்த்து ஒன்று. வாங்க நினைப்பவருக்கு இவற்றால் பெரிதாகப் பயனில்லை. அவர் மனதில் ஓடுகிற கேள்விகள் வேறு. இது திருட்டுப் போனா? டிஸ்ப்ளே மாற்றியிருக்கிறார்களா? தண்ணீரில் விழுந்ததா? எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் பார்க்கிற போனும் நாளைக்குக் கைக்கு வரப்போகிற போனும் ஒன்றுதானா?

கடைசிக் கேள்விதான் அடிப்படை. அதற்குப் பதில் கிடைக்காவிட்டால் மற்ற படங்கள் எத்தனை இருந்தும் வீண். பேட்டரி 86 சதவீதம் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறீர்கள். அது யார் போனில் எடுத்தது என்று எப்படித் தெரியும்? படங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு படத்தில் தெரியும் அடையாளம் அடுத்த படத்திலும் தெரிய வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 128 ஜிபி ஐபோன் 13. இடது கீழ் மூலையில் தரையில் விழுந்த ஒரு சின்ன டென்ட். விற்பவர் வழக்கமாக அந்த மூலையை மறைத்துத்தான் படம் எடுப்பார். அதே மூலைதான் இங்கே அவருக்குக் கைகொடுக்கப் போகிறது. அதே இடத்தில், அதே அளவில் டென்ட் விழுந்த இன்னொரு ஐபோன் 13 கிடைப்பது சுலபமல்ல.

முதலில் ஒரு துண்டுச் சீட்டில் அன்றைய தேதியையும், விற்பனைத் தளத்தில் உங்களுக்கு இருக்கும் பெயரையும் கையால் எழுதிப் போன் பக்கத்தில் வையுங்கள். டென்ட் விழுந்த மூலையும் சீட்டும் ஒரே படத்தில் தெளிவாக விழட்டும். மூலையருகே ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் டென்டின் அளவும் தெரிந்துவிடும். சீட்டால் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் படங்களைச் சுட்டுத் தன் போன் என்று விளம்பரம் போடுகிறவனுக்கு அந்த எழுத்து இடைஞ்சல்.

அடுத்தது செட்டிங்ஸ் திரைகள். இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல், வீட்டில் இருக்கும் இன்னொரு போனை வாங்கி வெளியிலிருந்து படம் எடுங்கள். திரையோடு அந்த மூலையும் சீட்டும் படத்துக்குள் வர வேண்டும். பிளாஷ் வேண்டாம். திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் கோடு கோடாக விழுவது குறையும்.

எந்தத் திரைகள்? Settings-இல் General, அதற்குள் About. அங்கே Model Number என்ற வரியின் முதல் எழுத்தைப் பார்க்க வேண்டும். M என்றால் புதிதாக விற்கப்பட்டது. F என்றால் நிறுவனம் சீர்செய்து மறுபடி விற்றது. N என்றால் பழுதுக்குப் பதிலாக மாற்றிக் கொடுத்தது. எண்ணின் கடைசியில் HN/A இருந்தால் இந்தியாவுக்கு வந்த போன், LL/A இருந்தால் அமெரிக்காவுக்குப் போனது. ‘இங்கே பில் போட்டு வாங்கியது’ என்று சொல்லிவிட்டு LL/A காட்டினால் வாங்குபவர் விளக்கம் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

அதே About பக்கத்தில் Parts and Service History என்று ஒரு பகுதி வரலாம். ஐபோன் 13-இல் பேட்டரியோ டிஸ்ப்ளேயோ கேமராவோ மாற்றியிருந்தால் அது தெரியும். கம்பெனி உதிரிபாகம் என்றால் Genuine Apple Part, வெளிக்கடைச் சரக்கு என்றால் Unknown Part. பிந்தையது இருந்தால் விற்பவர் அதை விட்டுவிட்டுப் படம் எடுக்கத்தான் ஆசைப்படுவார். விலையைக் குறைத்து, அந்த வரியையும் சேர்த்துப் படம் போடுவதே நல்லது. வாங்குபவர் நேரில் வந்து இரண்டே நிமிடத்தில் அதைத் திறந்து பார்த்துவிடுவார். அப்புறம் நீங்கள் சொன்ன மற்ற எதையும் நம்ப மாட்டார். பேட்டரியின் Maximum Capacity திரையையும் இதே முறையில் எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக் கீறலைப் படமெடுப்பதில்தான் பலருக்கும் தகராறு. திரை எரியும்போது கீறல் தெரியாது. போனை அணைத்து, மெல்லிய துணியால் துடைத்து, ஜன்னல் ஓரம் கொண்டுபோங்கள். ஜன்னலின் பிரதிபலிப்பு கண்ணாடிமேல் நகரும்படி மெல்ல மெல்லச் சாயுங்கள். ஒளி கீறலைத் தொடும்போது அது வெள்ளை இழையாக மின்னும். அந்தக் கோணத்தில் எடுங்கள். பிறகு முழுத் திரையிலும் வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்துவைத்து இன்னொரு படம். கறையோ நிழலோ இருந்தால் அதில் தெரியும்.

தண்ணீர் விஷயத்துக்கு சிம் தட்டை வெளியே எடுத்து, டார்ச் அடித்து அந்தத் துளைக்குள் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சிறு அடையாளம் தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும். வெள்ளையாகவோ வெள்ளி நிறமாகவோ இருந்தால் நல்லது. இதைப் படமெடுக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், நேரில் காட்டிக்கொள்ளலாம்.

இனி ஐஎம்இஐ எண். *#06# அழுத்தினால் திரையில் வரும் 15 இலக்க எண் அது. இரண்டு சிம் வசதி உள்ள போனில் இரண்டு எண் வரும். முதல் 8 இலக்கங்கள் போனின் ரகத்தைச் சொல்பவை, அடுத்த 6 அந்தத் தனிப் போனுக்கு உரியவை, கடைசி ஒன்று சரிபார்க்கும் இலக்கம். திரை, அட்டைப்பெட்டி ஸ்டிக்கர், பில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக எடுங்கள். நடுவில் இருக்கும் 6 இலக்கங்களில் நான்கைக் காகிதத் துண்டால் மூன்று இடத்திலும் மறைத்துவிடுங்கள். மீதி இலக்கங்கள் ஒத்துப்போவதே முதற்கட்டத்துக்குப் போதும். முழு எண்ணை எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டால், அதை எடுத்து இன்னொரு போனில் போலியாகப் பதிகிறவர்கள் இருக்கிறார்கள். பில்லில் உங்கள் முகவரியையும் போன் நம்பரையும் மறைக்க மறக்காதீர்கள். ஆதார் படம் யாராவது கேட்டால் அனுப்ப வேண்டாம்.

திருட்டுப் போனா என்ற கேள்விக்குப் படத்தால் பதில் சொல்ல முடியாது. அதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வசதி இருக்கிறது. KYM என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் யாருடைய ரகம், தடை செய்யப்பட்டதா, போலிப் பிரதியா என்று பதில் வரும். விற்பவர் முதலில் தானே ஒருமுறை அனுப்பிப் பார்த்துக்கொள்ளட்டும். நேரில் சந்திக்கும்போது வாங்குபவர் தன் போனிலிருந்து மறுபடி அனுப்பட்டும். விற்பவர் அனுப்பிவைக்கும் பதிலின் படமும் ஸ்கிரீன்ஷாட் ரகம்தான்.

ஆக்டிவேஷன் லாக்கும் அப்படியே. ‘ஹலோ’ என்று வரவேற்கும் திரையைப் படம் எடுத்துப் போட்டு, போனில் பூட்டு இல்லை என்பார்கள். அது சான்று ஆகாது. பழைய உரிமையாளரின் கணக்கு நீங்காத போனும் ஹலோ சொல்லும். வைஃபையில் இணைத்த பிறகுதான் பாஸ்வேர்டு கேட்கும். எனவே கணக்கிலிருந்து வெளியேறுவதையும் போனை அழிப்பதையும் வாங்குபவர் எதிரிலேயே செய்வதாக முன்கூட்டியே எழுதிவிடுங்கள். முன்பே அழித்துவிட்டால் செட்டிங்ஸ் படங்களை எடுக்க மறுபடி முழுதாக அமைக்க வேண்டியிருக்கும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, நுணுக்கமான கீறல்கள் மங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஆனால் அப்போது படத்துக்குள் பதிவான இடவிவரமும் கூடவே போகும், உங்கள் வீடு எங்கே என்று சொல்லிவிடும். கேமராவின் லொகேஷனை முதலிலேயே அணைத்துவிட்டு எடுங்கள்.

விற்ற பிறகும் இந்தப் படங்களை அழித்துவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து டிஸ்ப்ளே உடைந்த வேறொரு போனைக் கொண்டுவந்து ‘நீங்கள் தந்தது இதுதான்’ என்று ஒருவர் நின்றால், மூலையில் இருக்க வேண்டிய அந்த டென்டைத் தேடிப் பார்த்தால் போதும்.