கண்ணாடியைத் தாங்குவது கிளிப்பா, பசையா?

குளியலறைச் சுவரிலிருந்து கழன்று விழுந்த கண்ணாடியின் பின்புறத்தைப் பார்த்தால், சில சமயம் ஒரு வேடிக்கை தெரியும். டைல்ஸில் பசை கெட்டியாக ஒட்டியபடியே இருக்கும். அதன்மேல் கண்ணாடியின் பின்பக்கப் பெயின்ட் தோலாக உரிந்து வந்திருக்கும். பசை எதைப் பிடிக்கிறதோ, அது ரசத்தைக் காக்கப் பூசிய அந்த மெல்லிய பெயின்ட்டை மட்டுமே. அதனால்தான் எடையைக் கிளிப்பிடமும், ஆட்டத்தை நிறுத்தும் வேலையைப் பசையிடமும் கொடுக்க வேண்டும்.

வாஷ்பேசினுக்கு மேல் மாட்டும் 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம், 5 மி.மீ. தடிமன் உள்ள கண்ணாடி ஏறத்தாழ மூன்றரை கிலோ இருக்கும். இதற்குக் கீழே இரண்டு, மேலே இரண்டு கிளிப் போதும். குழாய்க்கு நேர் மேலே சுவருக்குள் தண்ணீர்ப் பைப் போகலாம் என்பதால் அந்தக் கோட்டில் துளை வேண்டாம். டைல்ஸை விரலால் தட்டும்போது வெற்றொலி கேட்கும் இடத்தையும் தவிர்க்க வேண்டும்.

ரசமட்டம் வைத்துக் குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. டைல்ஸ் பிட்டைப் போட்டு, ஹாமரை அணைத்துவிட்டு, மெதுவாக ஓட்ட வேண்டும். டைல்ஸைத் தாண்டிய பிறகே ஹாமர். பிளக் டைல்ஸைக் கடந்து சுவருக்குள் முழுதாக இறங்கட்டும். டைல்ஸின் தடிமனுக்குள்ளேயே நின்றுவிட்டால், ஸ்க்ரூ முடுக்கும்போது பிளக் விரிந்து டைல்ஸ் கீறும்.

கீழ்க் கிளிப்புகளில் கண்ணாடியைப் பசையில்லாமல் ஒருமுறை நிறுத்தி, மேல் துளைகளைக் குறித்து, இறக்கிவிட்டுத் துளையிடலாம். பசைக்கு 2, 3 மி.மீ. இடம் வேண்டும், கிளிப்புக்குப் பின்னால் அந்த அளவுக்கு வாஷர் வைத்தால் கிடைத்துவிடும்.

பசை வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். வினிகர் நெடி அடிக்கும் சாதாரண சிலிகான், உலரும்போது விடும் அமிலத்தால் ரசத்தை அரித்து முன்பக்கத்தில் கறுப்புத் திட்டுகளை உண்டாக்கும். கண்ணாடிக்கென்றே விற்கும் நியூட்ரல் சிலிகானைக் கேட்டு வாங்க வேண்டும்.

அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். டைல்ஸும் கண்ணாடியும் ஈரத்தை உள்ளே விடாதவை. பின்புறம் முழுக்கப் பூசினால் நடுவில் நாட்கணக்கில் பச்சையாகவே கிடக்கும். ஆகவே, சோப்புப் படிவும் உப்புக்கறையும் போகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்த சுவரில் ஒட்டுவதற்கு, மேலிருந்து கீழாகச் சுமார் 10 செ.மீ. இடைவெளியில் கோடுகளாக இழுக்க வேண்டும். இடைவெளி வழியே காற்று போகும். பின்னால் கசியும் நீரும் வடிந்துவிடும். கிடைக்கோடாக இழுத்தால் நீர் அதன்மேல் தேங்கும்.

கிளிப்பை முடுக்கும்போது ரப்பர் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். முதல் ஒரு நாள் அங்கே வெந்நீர்க் குளியல் வேண்டாம். கீழ் விளிம்பை சிலிகானால் அடைத்துவிடாமல் திறந்தே விட்டால், இறங்கும் நீர் ரசத்தின் ஓரத்தைத் தின்னாது.